குறுக்கே வீடு, நெடுக்கே நாள்

கேள்வி: "காரைக்குடியிலும் கோட்டையூரிலுமாக 142 வீடுகளுக்குப் பாக்கெட் பால் போடுகிறேன். பக்கத்தில் கொஞ்சம் வீடுகளுக்குப் பேப்பரும் உண்டு. வீட்டுக்கு ஒரு பக்கம் என்று நோட்டு வைத்து, கொடுத்த நாளுக்கு டிக் அடித்துக்கொண்டு வருகிறேன். மாதக் கடைசியில் 'நாங்கள் ஊரில் இல்லாத நாளையும் சேர்த்துவிட்டாயே' என்று பத்து வீட்டிலாவது சண்டை. வேண்டாம் என்ற நாள்கள் தானாகக் கழிந்து வருகிற மாதிரி கணக்கை எப்படி வைப்பது? தம்பி கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன் என்கிறான், அதற்கும் சொல்லுங்கள் அண்ணே."

பதில்:

தம்பி, வீட்டுக்கு ஒரு பக்கம் என்கிற முறையை முதலில் விடுங்கள். சண்டைக்கு வித்து அங்கேதான் இருக்கிறது. அந்த நோட்டில் ஒரு வீட்டின் முப்பது நாளும் ஒரே பக்கத்தில் தெரியும். ஆனால் ஒரு நாளின் 142 வீடும் எங்கேயும் சேர்ந்து தெரியாது. இன்று காலை ஒரு டிக் தவறினால் அது மாதக் கடைசி வரை அப்படியே கிடக்கும். அதைக் கண்டுபிடிக்கிற முதல் ஆள் வாடிக்கையாளர் வீட்டு ஆச்சியாகத்தான் இருப்பார். அடுக்களைக் காலண்டரில் பால் வராத நாளைச் சுழித்து வைத்திருப்பார். உங்கள் கையில் டிக், அவர் கையில் சுழி. எது சரி என்று முப்பது நாள் கழித்து யார் சொல்ல முடியும்?

இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவன் நான். முதல் ஐந்து வருடம் உங்களைப் போலத்தான் எழுதினேன். பிறகு நீள நோட்டுக்கு மாறினேன். குறுக்குவாட்டில் ஒரு வரி ஒரு வீடு, நெடுக்குவாட்டில் ஒரு கட்டம் ஒரு நாள். வரியைக் குறுக்கே கூட்டினால் அந்த வீட்டின் மாதக் கணக்கு. கட்டத்தை நெடுக்கே கூட்டினால் அன்று நீங்கள் கொடுத்ததாக நோட்டு சொல்கிற மொத்தப் பாக்கெட். கழிவு என்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பால் போகாத நாளில் கட்டத்தில் சைபர் இருக்கும், சைபருக்குக் காசு கிடையாது, அவ்வளவுதான்.

இன்னொரு மாற்றமும் உண்டு. டிக் அடிப்பதை நிறுத்திவிட்டு எண்ணை எழுதுங்கள். அதையும் தினமும் எழுத வேண்டாம். மாதம் பிறப்பதற்கு முந்தின நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் வாடிக்கை அளவு எதுவோ அதை ஒன்றாம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை பென்சிலால் நிரப்பிவிடுங்கள். தினமும் இரண்டு பாக்கெட் வாங்குகிற வீட்டுக்கு முப்பது கட்டத்திலும் 2. அதன்பிறகு வாடிக்கைக்கு மாறான நாளில் மட்டும் பேனாவை எடுத்தால் போதும். வேண்டாம் என்றால் 0, விருந்தாளி வந்து ஐந்து வாங்கினால் 5. ஒரு காலையில் 142 டிக் அடிப்பதற்குப் பதில் பத்துப் பன்னிரண்டு எண்களை மாற்றினால் வேலை முடிந்தது.

இந்த முறையில் ஒரு ஆபத்து இருக்கிறது. டிக் முறையில் எழுத மறந்தால் நட்டம் உங்களுக்கு, ஏனென்றால் டிக் இல்லாத நாளுக்குக் காசு கேட்க முடியாது. நிரப்பி வைக்கிற முறையில் எழுத மறந்தால் நட்டம் வாடிக்கையாளருக்கு, ஏனென்றால் நீங்கள் மாற்றாத கட்டத்தில் 2 என்பது அப்படியே நிற்கும். ஆகவே நெடுக்குக் கூட்டலைத் தினமும் செய்யாமல் இந்த முறைக்கு வரவே வராதீர்கள். பாதி முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, "அண்ணன் சொன்னபடி செய்தேன், சண்டை இரட்டிப்பாகிவிட்டது" என்று வந்தவர்கள் உண்டு.

தினசரிக் கூட்டல் எப்படி என்று ஒரு காலையை வைத்துச் சொல்கிறேன். கைக்கு நாலு உபரி சேர்த்து 216 பாக்கெட் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறீர்கள். திரும்பி வரும்போது பெட்டியில் 6 மிச்சம், ஒன்று ஒழுகிப்போயிற்று. அப்படியானால் வீடுகளுக்குப் போனது 209. அன்றைய கட்டத்தை நெடுக்கே கூட்டுகிறீர்கள், 212 வருகிறது. மூன்று பாக்கெட் இடிக்கிறது. இன்னும் பத்து மணி ஆகவில்லை, காலை நடந்தது எல்லாம் மனதில் பசுமையாக இருக்கிறது. எங்கே போடாமல் வந்தோம் என்று யோசித்தால், ஒரு வீடு பூட்டியிருந்தது, அங்கே இரண்டு. இன்னொரு வீட்டில் வேலைக்காரப் பெண் "இன்று ஒன்று போதும்" என்றாள், அங்கே ஒன்று குறைவு. இரண்டு கட்டத்தையும் திருத்தினால் 209. கணக்கு மூடியாயிற்று. இதே மூன்று பாக்கெட்டை முப்பதாம் தேதி தேடினால் கிடைக்குமா?

மூன்று பாக்கெட்டுக்காக 142 வீட்டையும் மனதுக்குள் சுற்றி வருவது சிரமம்தான். அதற்குத் தெருவுக்கு ஒரு பெட்டி என்று எண்ணி ஏற்றுங்கள். நோட்டிலும் தெரு முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டு அந்தத் தெருவின் கூட்டலை எழுதுங்கள். எந்தத் தெருவில் இடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டியது பதினைந்து இருபது வீடுதான்.

நோட்டை வண்டியில் கொண்டுபோகாதீர்கள். ஐந்து மணி இருட்டில் எழுதியது ஏழு மணிக்கு உங்களுக்கே புரியாது. முந்தின இரவு, மறுநாளுக்கு மாற்றம் இருக்கிற வீடுகளை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் புதிதாக யாராவது சொன்னால் அந்த வீட்டு வாசலிலேயே சீட்டில் ஏற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்து கூட்டல் சரிபார்த்தபிறகு அந்தச் சீட்டை எறியாமல் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதி வரை இருக்கட்டும்.

கூட்டல் ஒத்துப்போனால் எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஒரு வகைத் தப்பு அதில் சிக்காது. சைபரைப் பக்கத்து வரியில், அதாவது தவறான வீட்டுக்கு, எழுதிவிட்டால், இரண்டும் ஒரே அளவு வாங்குகிற வீடுகளாக இருந்தால் மொத்தம் மாறாது. ஒரு வீட்டுக்கு இரண்டு கூடி இன்னொரு வீட்டுக்கு இரண்டு குறைந்திருக்கும், நெடுக்குக் கூட்டல் சிரித்துக்கொண்டே நிற்கும். இது எனக்கே நடந்தது. அதுவும் நம் ஊரில் நடப்பதற்கென்றே இருக்கிற விதத்தில் நடந்தது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மூன்று அண்ணன் தம்பிகள் குடும்பம். வேறு வைத்துத் தனித்தனி அடுப்பு, பால் மட்டும் ஒரே வாசலில் மூன்று பைகளில் தொங்கும். நான் மூன்றையும் கதவு எண்ணைப் போட்டு அ, ஆ, இ என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் வாசலில் நின்ற ஆச்சி, "நாளையிலிருந்து ஒரு வாரம் எங்களுக்கு வேண்டாமப்பா" என்றார். அவர் யார் வீட்டு ஆச்சி என்பதில் எனக்குக் குழப்பம். நடு மகன் வீடு என்று நினைத்து ஆ-வில் ஏழு சைபர் போட்டேன். அவர் மூத்தவரின் மாமியார், ஊருக்கு வந்திருந்தவர். மறுநாள் மூத்தவர் பையில் போட்ட பால் எடுக்க ஆளில்லாமல் வெயிலில் கிடந்தது, நடு வீட்டில் காபிக்குப் பால் இல்லை. மாதக் கணக்கும் இரண்டு வீட்டுக்கும் தப்பு. என் கூட்டலோ ஏழு நாளும் கச்சிதமாக ஒத்துப்போனது.

அன்றிலிருந்து கதவு எண்ணை விட்டுவிட்டேன். நகரத்தார் வழக்கில் திருமணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி எடுத்தாலும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. நமக்கும் அதுவே சரியான அளவு. புள்ளிக்கு ஒரு வரி, ஒரு எண், அந்த எண்ணே பையின் மேலும் பெயிண்டால் எழுதியிருக்க வேண்டும். யாராவது நிறுத்தச் சொன்னால் "எந்தப் பை ஆச்சி?" என்று கேளுங்கள். பேர் கேட்டால் உறவுமுறை சொல்வார்கள், பையைக் கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார்கள்.

இதற்கு இன்னொரு பூட்டும் போட்டேன். நிறுத்தச் சொல்லி நோட்டில் எழுதிய அன்றே அந்தப் புள்ளியின் போனுக்கு ஒரு வரி அனுப்பிவிடுவேன்: எண் 37, கடைசிப் பால் 9 காலை, மறுபடி 14 காலை. தவறான வீட்டுக்குப் போனால் அவர்களே கூப்பிட்டு, "நாங்கள் எங்கேயும் போகவில்லையே" என்பார்கள். வரி மாறிய தப்பைப் பிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

அந்தச் செய்தியில் இரண்டு காலைகளைத்தான் எழுதியிருக்கிறேன், எத்தனை நாள் என்று எழுதவில்லை. காரணம் இருக்கிறது. "வியாழக்கிழமை போகிறோம், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவோம்" என்று ஒருவர் சொன்னால் எத்தனை நாள் பால் வேண்டாம்? விடிகாலைப் பல்லவன் ரயிலில் போகிறவருக்கு வியாழன் பால் வேண்டாம். வியாழன் இரவு ரயிலுக்குப் போகிறவர் அன்று காலைக் காபியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். ஞாயிறு ராத்திரி வந்து இறங்குகிறவருக்கு ஞாயிறு பால் எதற்கு? ஞாயிறு விடிகாலையில் வந்து சேர்கிறவருக்கு அது வேண்டும். ஒரே வாக்கியம், இரண்டிலிருந்து நான்கு நாள் வரை எப்படியும் கொள்ளலாம். சண்டையில் பாதி இதில்தான். ஆகவே போகிற நாளையும் வருகிற நாளையும் கேட்காதீர்கள். "கடைசிப் பால் எந்தக் காலை? மறுபடி முதல் பால் எந்தக் காலை?" என்று மட்டும் கேளுங்கள்.

கழிக்கிற நாளை எண்ணும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. கடைசிப் பால் 9, மறுபடி 14 என்றால் பதினாலில் ஒன்பது போக ஐந்து என்று வாய் சொல்லும். கட்டத்தில் சைபர் போட்டுப் பார்த்தால் 10, 11, 12, 13 என்று நான்குதான். கழித்து வருகிற எண்ணிலிருந்து இன்னும் ஒன்றைக் கழிக்க வேண்டும். கட்டம் வைத்திருக்கிறவருக்கு இந்தத் தொல்லையே இல்லை, எண்ண வேண்டியது கட்டத்தைத்தான்.

இப்போது ஒரு வீட்டின் ஒரு மாதத்தை முழுக்கப் போட்டுக் காட்டுகிறேன். 2022 நவம்பர் மாதத்தை எடுக்கிறேன். அந்த மாதம் 5ஆம் தேதி ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டின் விலை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக ஏறியது. ஆவின் மாத அட்டை வைத்திருந்தவர்களுக்குப் பழைய 46 ரூபாயே நீடித்தது, நம் வீட்டுக்காரர் அட்டை இல்லாதவர். அரை லிட்டர்ப் பாக்கெட் 24 ரூபாயாக இருந்தது 30 ஆயிற்று. விலை எப்போதும் ஒன்றாம் தேதிதான் மாறும் என்று சட்டம் இல்லையே.

வாடிக்கை தினம் இரண்டு அரை லிட்டர்ப் பாக்கெட். மேலே சொன்னபடி 10 முதல் 13 வரை ஊரில் இல்லை. 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படைப்பு, அன்றைக்கு ஆறு கூடுதலாகச் சேர்த்து எட்டுப் பாக்கெட். 22ஆம் தேதி ஒரு பாக்கெட் ஒழுகி, கை உபரியும் தீர்ந்துபோனதால் ஒன்றுதான் போட்டேன்.

நோட்டின் தலைப்பில், தேதிக்குக் கீழே, ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய விலையை எழுதிவிட வேண்டும். முதல் நான்கு கட்டத்தில் 24, ஐந்திலிருந்து 30. இனிக் குறுக்கே போனால் முதல் நான்கு நாளில் 8 பாக்கெட், 24 ரூபாய் வீதம் 192. ஐந்திலிருந்து முப்பது வரை 26 நாள், அதில் நான்கு சைபர், மிச்சம் 22 நாளுக்கு 44 பாக்கெட். படைப்புக்குக் கூடிய ஆறைச் சேர்த்தால் 50, ஒழுகிய ஒன்று போக 49. முப்பது ரூபாய் வீதம் 1,470. ஆக மொத்தம் 1,662 ரூபாய்.

பழைய முறையில் இதே வீட்டுக்கு எப்படிப் போடுவோம்? மாதம் முப்பது நாள், தினம் அறுபது ரூபாய், 1,800. நாலு நாள் இல்லை, 240 கழி, 1,560. படைப்புக்கு 180 சேர், 1,740. இங்கே நிறுத்திவிடுவோம். முதல் நான்கு நாள் பழைய விலை என்பதும், 22ஆம் தேதி ஒன்று குறைந்தது என்பதும் நினைவுக்கு வராது. 78 ரூபாய் கூடுதல். மேலிருந்து கழித்துக்கொண்டு வருகிற கணக்கில் எதைக் கழிக்க மறந்தோம் என்று காட்ட ஒன்றும் இருக்காது. கட்டத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருகிற கணக்கில் மறப்பதற்கே இடம் இல்லை.

பேப்பருக்கும் இதே கட்டம்தான், ஆனால் ஒரு பத்திரிகைக்கு ஒரு தாள். ஒரே தாளில் இரண்டு பத்திரிகையைக் கலக்காதீர்கள், விலை வரிசை வேறு. பேப்பரில் ஞாயிறு விலை பெரும்பாலும் கூடுதல். ஆகவே மாதச் சந்தாவை முப்பதால் வகுத்து நாலு நாளைக் கழிப்பது தப்பு. அந்த நாலு நாளில் ஞாயிறு விழுந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். தலைப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் ஞாயிறு விலையை எழுதிவிட்டால் அது தானாகச் சரியாகும். தீபாவளி, ஆயுத பூஜை போன்ற விடுமுறைக்குப் பேப்பரே வராத நாளுக்கு விலைக் கட்டத்தில் சைபர் போடுங்கள். வீட்டு வரிகளைத் தொட வேண்டாம். அது வாடிக்கையாளர் நிறுத்திய நாள் இல்லை, எல்லாருக்கும் இல்லாத நாள். ஊருக்குப் போன ஒருவருக்கு அந்த நாளும் இடையில் வந்தால் இரண்டு தடவை கழிப்போமோ என்ற பயமும் வேண்டாம், சைபரைச் சைபரால் பெருக்கினாலும் சைபர்தான். பாலை விடப் பேப்பருக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்ல வேண்டும், எண்ணிக்கையைக் குறைக்க ஏஜெண்டுக்கு அவகாசம் வேண்டும் அல்லவா.

கம்ப்யூட்டருக்கு வருவோம். தம்பியிடம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் நோட்டையே திரையில் வரைந்தால் போதும். முதல் வரியில் D முதல் AH வரை 31 தேதிகள், இரண்டாவது வரியில் விலை. A-வில் புள்ளி எண், B-யில் அடையாளம், C-யில் வாடிக்கை அளவு. வீடுகள் ஐந்தாவது வரியிலிருந்து. ஒரு வீட்டின் மாதத் தொகைக்கு:

```
=SUMPRODUCT(D5:AH5, D$2:AH$2)
```

பால் போகாத நாள்களின் எண்ணிக்கைக்கு:

```
=COUNTIF(D5:AH5, 0)
```

ஒரு நாளின் நெடுக்குக் கூட்டலுக்கு, 146 என்பது கடைசி வீட்டின் வரியாக இருந்தால்:

```
=SUM(D5:D146)
```

இந்த மூன்றும் போதும். ஆனால் தம்பி இடறக்கூடிய இடங்கள் உண்டு. கட்டங்களை நிரப்பும்போது C-யைப் பார்த்துக்கொள்ளும் சூத்திரத்தைப் போடுவான், பார்க்க அழகாக இருக்கும். பதினாறாம் தேதி அந்த வீடு இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும், C-யில் 3 என்று மாற்றுவான். ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாக் கட்டமும் மூன்றாகிவிடும், பில் தொகை ஏறி நிற்கும், யாருக்கும் தெரியாது. மாதம் பிறக்கும்போது வெறும் எண்ணாகவே நிரப்பச் சொல்லுங்கள். அளவு மாறினால் மாறிய தேதியிலிருந்து மட்டும் மேலே எழுத வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி புதிதாகச் சேர்ந்த வீட்டுக்கு அதற்கு முந்தைய கட்டங்களை வெறுமையாக விட வேண்டும், சைபர் போடக் கூடாது. COUNTIF சைபரை எண்ணும், வெற்றுக் கட்டத்தை எண்ணாது. சைபர் போட்டால் சேராத பதினோரு நாளும் 'இல்லாத நாள்' என்று பில்லில் வந்து நிற்கும். கட்டத்துக்குள் 'பூட்டு', 'ஊர்' என்று எழுதவும் விடாதீர்கள். தொகை சரியாகத்தான் வரும், ஏனென்றால் SUMPRODUCT எழுத்தைச் சைபராக எடுத்துக்கொள்ளும். ஆனால் இல்லாத நாள் எண்ணிக்கையில் அது விழாது, பில்லின் இரண்டு வரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். காரணத்தைக் கட்டத்தின் குறிப்பில் எழுதலாம்.

காரணம் என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். போகாத நாள் எல்லாம் பில்லில் ஒரே சைபர்தான், ஆனால் எல்லாம் ஒரே வகை இல்லை. முன்கூட்டிச் சொல்லி நிறுத்தியது, நாம் போடாமல் விட்டது, சொல்லாமல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனது என்று மூன்று. முதல் இரண்டுக்கும் கேள்வி இல்லாமல் சைபர். மூன்றாவதுதான் வம்பு. என் வழக்கம் இது: முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் சொன்னால் கழிவு உண்டு, அதற்குமேல் நான் மறுநாள் பாலுக்குச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் பூட்டியிருந்தால் முதல் நாள் பையில் போட்ட பாலுக்குக் காசு உண்டு. இரண்டாம் நாள் முந்தைய பாக்கெட் எடுக்காமல் கிடந்தால் மேலே போடாமல் வந்துவிடுவேன், அதிலிருந்து சைபர். ஒரு நாள் பாலுக்குக் காசு கேட்பது நியாயம், கெட்டுப்போகும் என்று தெரிந்தே நான்கு நாள் பாலைப் பையில் அடுக்கிவிட்டுக் காசு கேட்பது நியாயம் இல்லை. இந்த வழக்கத்தைப் பில்லின் பின்புறம் இரண்டு வரியில் அச்சடித்து வையுங்கள். சொல்லாத விதியை மாதக் கடைசியில் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

கொண்டுபோய்க் கொடுப்பதற்கான கூலியைப் பாக்கெட் விலையோடு கலக்காதீர்கள். அது மாதத்துக்கு இவ்வளவு என்று தனி வரியாக இருக்கட்டும். நாலு நாள் இல்லை என்பதற்காகக் கூலியில் கழிக்க வேண்டியதில்லை, அந்தத் தெருவுக்கு நீங்கள் எப்படியும் போகத்தான் போகிறீர்கள். மாதம் முழுதும் பூட்டிக்கிடந்த வீட்டுக்கு மட்டும் நான் கூலி கேட்பதில்லை. வருடத்தில் பத்து மாதம் பூட்டியே இருக்கிற வீடுகள் நம் பக்கம் தெருவுக்கு நாலு இருக்கின்றன. அவற்றின் வரியை நோட்டிலிருந்து எடுத்துவிடாமல் எண்ணை அப்படியே வைத்திருங்கள், கல்யாணம் காட்சிக்குத் திறக்கும்போது நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கடைசியாக பில். 'இல்லாத நாள் 4' என்று போட்டால் அவர்களுக்கு ஒத்துப் பார்க்க வழியில்லை. தேதிகளையே எழுதுங்கள். நம் உதாரண வீட்டுக்கு இப்படி இருக்கும்:

புள்ளி எண் 37, நவம்பர் 2022
1 முதல் 4 வரை: 8 பாக்கெட், 24 ரூபாய் வீதம், 192
5 முதல் 30 வரை: 49 பாக்கெட், 30 ரூபாய் வீதம், 1,470
பால் இல்லாத நாள்: 10, 11, 12, 13
கூடுதல்: 20ஆம் தேதி 6
குறைவு: 22ஆம் தேதி 1
இந்த மாதம்: 1,662
முன் பாக்கி: இல்லை

இதை அடுக்களைக் காலண்டரின் சுழிகளோடு வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். சுழிக்கும் தேதிக்கும் இடித்தால் எந்த நாளில் இடிக்கிறது என்று அவர்களே சொல்வார்கள், நீங்கள் அந்த நாளின் சீட்டைக் கம்பியிலிருந்து உருவிப் பார்க்கலாம். முப்பது நாளைப் பற்றிய வாய்ச்சண்டை ஒரு நாளைப் பற்றிய விசாரணையாகச் சுருங்கிவிடும்.

உங்கள் பக்கம் தப்பு என்று தெரிந்தால் பழைய மாதத் தாளைத் திருத்தாதீர்கள். பில் கொடுத்த மாதம் மூடிய மாதம். அடுத்த மாதப் பில்லில் 'நவம்பர் 18 கழிவு, 60' என்று தனி வரியாகக் கழித்துக் காட்டுங்கள். மூடிய தாளில் கை வைத்தால் அன்றைய நெடுக்குக் கூட்டலும் மாறும், நீங்கள் ஏற்கெனவே ஒத்துப் பார்த்து மூடிய நாள் திறந்துகொள்ளும். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்துப் பேரேடு எழுதி, கணக்கு முடிக்கும்போது ஐந்தொகை போட்டுப் பார்த்தவர்களின் ஊர் இது. இங்கே கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தலைக் கண்டால் பெரியவர்கள் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த மாதம் ஒரு தெருவுக்கு மட்டும் இந்தக் கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். மற்ற தெருக்களுக்குப் பழைய நோட்டே இருக்கட்டும். அந்த ஒரு தெருவின் நெடுக்குக் கூட்டல் பதினைந்து நாள் தொடர்ந்து பெட்டியோடு ஒத்துவந்தால் மிச்சத் தெருக்களையும் ஏற்றுங்கள். ஒத்துவராவிட்டால் துண்டுச் சீட்டை வாசலிலேயே எழுதுகிறீர்களா, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுகிறீர்களா என்று பாருங்கள்.